தங்கள் வசதிப்படி

எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டுமென்றால் என் மேசைக்குத்தான் வருவார்கள். லோயாங்கில் இருக்கும் சரக்குக் கிடங்கு எங்களுடையது. மருந்துக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் போகிற பெட்டிகளை வாங்கி, அடுக்கி, அனுப்புகிற வேலை. நிர்வாகப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சம்பள உயர்வு, இடமாற்றம், மன்னிப்பு, புகார் என்று நான் எழுதிக் கொடுக்காதது பாக்கியில்லை. படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குக்கூட இரண்டு வரி ஒழுங்காக எழுத வராது. எல்லாம் வாட்ஸ்அப் செய்த வேலை. 'வசந்தகுமாரி எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள்' என்று ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவள் நானாகவும் இருக்கலாம்.

அருண்ராஜ் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. கிடங்கின் சரக்கிருப்புக் கணக்கு அவன் பொறுப்பு. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, செங்காங்கில் அப்பாவோடு நாலறை வீட்டில் இருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன்பு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திடீரென்று ஐந்து நாள் விடுப்பு எடுத்தான். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. கேட்டால், "ஓகேக்கா, பாத்துக்கிட்டிருக்காங்க" என்பான். அவ்வளவுதான்.

"அக்கா, லீவுக்கு ஒரு மெயில் எழுதியிருக்கேன். கொஞ்சம் பாக்குறீங்களா?"

"லீவுக்கு எதுக்கு மெயிலு? சிஸ்டத்துல தட்டு."

"தட்ட முடியல. பதினேழுலேர்ந்து இருபத்தொண்ணு வரைக்கும் பிளாக் பண்ணியிருக்காங்க. ஸ்டாக் டேக்லா."

அது உண்மைதான். வருடத்துக்கு ஒரு முறை கிடங்கில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் எண்ணுவோம். கணக்காய்வாளர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அந்த வாரம் விடுப்பு எடுக்க சிஸ்டம் யாரையும் விடாது. மேலாளர் இப்ராஹீம் பார்த்துத் திறந்துவிட்டால்தான் உண்டு. அவரிடம் வாயால் கேட்கக் கூடாது, எழுத்தில்தான் கேட்க வேண்டும். அதுவும் இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அவன் எழுதியிருந்ததைப் படித்தேன். ஐந்தே வரி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் உணவு. பதினேழாம் தேதி திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பணிப்பெண் இருபத்து நாலாம் தேதிதான் மியன்மாரிலிருந்து வருகிறாள். இடையில் அந்த ஒரு வாரத்துக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை, எனக்கு விடுப்பு வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கவாதத்தை நினைத்தல்ல, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த மின்னஞ்சலை நினைத்துத்தான்.

"என்னடா இது? லீவு கேக்குற மாதிரியா இருக்கு? மேனேஜருக்கே நீ ஆர்டர் போடுற மாதிரி இருக்கு."

"இல்லக்கா, உள்ளத உள்ளபடி..."

"உள்ளத உள்ளபடி போலீஸ்ல சொல்லு. இது ஆபீஸ்."

உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தேன். முதல் பத்தியில் மேலாளரின் நலம் விசாரிப்பு. இரண்டாவதில், ஸ்டாக் டேக் எவ்வளவு முக்கியம் என்பதை நான் முழுமையாக உணர்கிறேன் என்று நாலு வரி. மூன்றாவதில், தந்தையார் சற்று உடல்நலம் குன்றியிருக்கிறார் என்று ஒரு வரி. பக்கவாதம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கமில்லை, சொன்னால் அது நிலைத்துவிடும் என்பார்கள். குழாயையும் எடுத்துவிட்டேன். மனிதர் சாப்பிடும்போது படித்தால் என்ன ஆவது? பணிப்பெண் விவகாரம் வீட்டு விஷயம், அதுவும் போயிற்று. கடைசியாக என் கைமுத்திரை. ஒருவேளை பணிச்சூழல் இடம் தராவிட்டால், தங்கள் வசதிப்படி பிறிதொரு வாரத்துக்கு இவ்விடுப்பைத் தள்ளிவைக்க மனமுவந்து சம்மதிக்கிறேன்.

அருண் அந்த வரியை இரண்டு முறை படித்தான். "அக்கா, தள்ளி வைக்க முடியாதுக்கா."

"தெரியும். இது சும்மா மரியாதைக்கு. நாம இறங்கி வந்தா அவங்களும் இறங்கி வருவாங்க. இத்தன வருஷத்துல ஒருத்தருகூட 'சரி, தள்ளி வை'ன்னு சொன்னதில்ல."

அவன் அனுப்பினான். என் மேசையருகே நின்றபடியே, என் கண் முன்னாலேயே அனுப்பினான். எனக்கு ஒரு பெருமிதம்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. இப்ராஹீம் என்னைவிட மரியாதையான மனிதர் என்பதை நான் மறந்திருந்தேன். தங்கள் புரிந்துணர்வுக்கு மிக்க நன்றி. தந்தையார் விரைவில் பூரண நலம் பெறப் பிரார்த்திக்கிறேன். தாங்கள் பெருந்தன்மையோடு முன்வந்தபடி, விடுப்பை இருபத்து நாலாம் தேதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அன்புடன், இப்ராஹீம்.

அருண் கைப்பேசியை என் முன்னால் வைத்தான். திட்டியிருந்தாலாவது நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"இரு, இரு. இதுக்கு ஒரு அப்பீல் எழுதிடலாம்," என்றேன்.

"வேணாம்கா. நானே ஓகேன்னு எழுதிட்டு, இப்ப மாத்திப் பேசினா நல்லாருக்காது."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. நேராக மாடிக்குப் போய், "அந்த வரியை எழுதினது நான், அவன் இல்லை" என்று இப்ராஹீமிடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சனி, ஞாயிறு போனது. வீட்டில் துணி மடித்தேன், சீரியல் பார்த்தேன். ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் பிடுங்கியது, வேறொன்றுமில்லை.

திங்கட்கிழமை அருணே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். மருத்துவமனையின் சமூக ஊழியரிடம் பேசியிருக்கிறான். வீட்டில் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் அப்பாவை அனுப்ப மாட்டார்கள். ஆகவே அந்த ஒரு வாரத்துக்குப் புக்கிட் பாத்தோக்கில் ஒரு தாதிமை இல்லத்தில், நர்ஸிங் ஹோமில், படுக்கை பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"நல்லதாப் போச்சு," என்றேன். "அங்க நர்ஸெல்லாம் இருப்பாங்க. உன்னைவிட நல்லாப் பாத்துக்குவாங்க."

"ம்." காகிதக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மாவையும் இப்படி ஒரு ஹோம்ல ரெண்டு வாரம்னுதான் கொண்டுபோய் விட்டோம். வேற இடம். அம்மாவுக்கு கேன்சர், முத்திப் போயிருந்துச்சு, ஹோம் மேல தப்பில்ல. பத்தாவது நாள் போயிட்டாங்க. அப்பா அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்."

"இப்ப என்ன சொல்றாரு?"

"ஓகேன்னுட்டார்கா. அதான் எனக்கும் நிம்மதி."

அவன் அம்மா ரத்தினம்மாவை எனக்குத் தெரியும். நிறுவனத்தின் குடும்ப தினத்துக்கு ஒரு முறை வந்து, என்னிடம் அரை மணி நேரம் மகனின் கல்யாணத்தைப் பற்றிப் பேசியவர். அவர் எங்கே இறந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து பெரியவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். நோயாளியைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி, பஃப்ளோ ரோட்டில் கொஞ்சம் பழம் பார்த்தேன். பிறகு வயசான மனிதர், கடிக்கச் சிரமப்படுவார் என்று ஒரு கடையில் பால்கோவா வாங்கினேன். சூடாக இருந்தது. பல்லுக்கு வேலையில்லாத பண்டமாகத் தேடி வாங்கினோம் என்று எனக்கு என் மேலேயே ஒரு மெச்சுதல்.

வார்டில் நுழைந்ததும் அவர் படுக்கைக்கு மேலே ஒட்டியிருந்த அட்டைதான் கண்ணில் பட்டது. வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே படுக்கையில் அருணின் அப்பா பாலகிருஷ்ணன். இடது பக்கம் மொத்தமும் தளர்ந்து, மூக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கன்னத்தில் பிளாஸ்திரியோடு ஒட்டியிருந்தது. பால்கோவாப் பொட்டலம் என் கையில் சுட்டது. அந்தக் குழாயைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. அவன் எழுதிக் கொண்டுவந்திருந்தான், நான்தான் அதை அழித்தேன். அழித்த கையோடு மறந்தும் போனேன். பொட்டலத்தைக் கைப்பையின் அடியில் திணித்தேன்.

அருண் அப்போது உணவு கொடுத்துக்கொண்டிருந்தான். தாதி ஒருத்தி பக்கத்தில் நின்று மார்க் போடுகிற வாத்தியார் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தான். மூக்கருகே குழாயில் உள்ள குறி நகரவில்லையே என்று பார்த்தான். சிரிஞ்சால் வயிற்றிலிருந்து கொஞ்சம் இழுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் விட்டு, அதன் நிறத்தைப் பெட்டியிலிருந்த வண்ணங்களோடு ஒப்பிட்டான். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா, நுரையீரலுக்குத் தப்பிப் போய்விட்டதா என்பதற்கான சோதனையாம். அதன்பிறகே சிரிஞ்சை மேலே தூக்கிப் பிடித்து, பாலை அதன் போக்கில் இறங்க விட்டான். அவசரப்படவில்லை. மூன்று வாரமாக வேலை முடிந்து தினமும் வந்து கற்றுக்கொண்டிருக்கிறான்.

"குட்," என்றாள் தாதி. "ஹி இஸ் ரெடி ஆல்ரெடி."

அவள் போனதும் பெரியவர் என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கினார், வணக்கம் மாதிரி. ஏதோ சொன்னார். வாய் கோணி, சொல் குழைந்து வந்தது. எனக்குப் புரியவில்லை. ஆனால் புத்தி கூர்மையாகத்தான் இருந்தது, கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அருண் ஒரு சின்ன வெள்ளைப் பலகையை எடுத்துக் கொடுத்தான். வலது கையால் 'வாங்க, உட்காருங்க' என்று எழுதினார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

நான் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "திங்கக்கிழம புக்கிட் பாத்தோக் போறீங்களாம். நல்ல இடமாம், அருண் சொன்னான்," என்றேன்.

அருண் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்தபடி, "அப்பாதான் ஈஸியா எடுத்துக்கிட்டார்கா. நான்தான் கவலப்பட்டேன். பாருங்க, அன்னிக்கு என்ன எழுதினாருன்னு போட்டோ எடுத்து வச்சிருக்கேன்," என்று கைப்பேசியைக் காட்டினான்.

அதே பலகை. அதே அழகான கையெழுத்து. 'எனக்கு ஒரு சிரமமும் இல்லை. உன் வேலை முக்கியம். உன் வசதிப்படி செய்.'

நான் அதை நிறைய நேரம் பார்த்தேன். இந்த மாதிரி வரிகளை எழுதிப் பிழைக்கிறவள் நான். வேண்டும் என்று கேட்க வாய் வராதவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். எதிராளி 'சேச்சே, அதெல்லாம் இல்லை' என்று மறுப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிற வரி அது. நான் எழுதியதை இப்ராஹீம் அப்படியே எடுத்துக்கொண்டார். இவர் எழுதியதை மகன் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறான். இதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாகவும் இருக்கிறான்.

நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகன் சிரிஞ்சைக் கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மேலேயே அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு மாடி ஏறினேன். இப்ராஹீம் அப்போதுதான் மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தார். வயதில் என்னைவிடப் பத்து வருடம் சின்னவர். எழுந்து நின்றார்.

"என்னக்கா, காலையிலயே? ஏதும் பிரச்சினையா?"

"இப்ராஹீம், அருண்ராஜ் லீவு மெயிலு. அத எழுதினது நான்."

"சரி."

"அவன் வேற எழுதியிருந்தான். நான் மாத்திட்டேன். அவன் எழுதினது இது." அவனுடைய பழைய வரைவு என் கணினியில்தான் கிடந்தது. அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன்.

ஐந்து வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அதைப் படித்து முடித்து, மறுபடி படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஸ்ட்ரோக்கா?"

"ஆமா."

"எங்கிட்ட அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லன்னுதானக்கா சொன்னாரு. தள்ளி வச்சுக்கிறேன்னு அவரே எழுதியிருந்தாரு. நான் ரொம்ப நல்ல பையன்னு நெனச்சேன்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்திலும் குரல் உயரவில்லை. "ஏங்கா இத எடுத்தீங்க? இதத்தானே நான் தெரிஞ்சிக்கணும்?"

"நல்லா இருக்கட்டும்னு எடுத்தேன்."

"என்ன நல்லா இருந்துச்சு?"

அவர் தாளை மடித்து மேசை ஓரத்தில் வைத்தார்.

திரையைப் பார்த்தார். "லீவு குடுத்துருவேன். அது பேச்சே இல்ல. ஆனா ஸ்டாக் டேக்குக்கு யாரு நிக்கிறது? ஆடிட்டர் வர்றாங்க. எந்த ரேக்குல எது இருக்குன்னு அருணுக்குத்தான் தெரியும்."

"நான் நிக்கிறேன்."

"நீங்களா? அஞ்சு நாளும் கோல்ட் ரூமுக்குள்ள போய் வரணும்கா. ஏணியெல்லாம் இருக்கு."

"ஏணிக்கு வேற ஆள் போடுங்க. எண்றதும் எழுதுறதும் நான் பாத்துக்கிறேன். இன்னிக்கும் நாளைக்கும் அருண்கிட்ட உக்காந்து கத்துக்கிறேன். ரேக்கு நம்பர் சந்தேகம்னா ஃபோன்ல ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

இப்ராஹீம் சிஸ்டத்தில் அந்த வாரத்தைத் திறந்தார். அருணை மேலே கூப்பிட்டார். அவன் பயந்துகொண்டே வந்து, என்னைக் கண்டதும் இன்னும் பயந்தான்.

"உக்காருங்க அருண். லீவ இப்பவே தட்டுங்க, நான் அப்ரூவ் பண்றேன். பதினேழுலேர்ந்து. இன்னும் நாள் வேணும்னா எனக்கு ஒரு ஃபோன் அடிங்க. மெயில் வேணாம்."

அருண் கைப்பேசியில் தட்டினான். ஒரே ஒரு முறை தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினான். இப்ராஹீமின் திரையில் வந்து விழுந்தது. அவர் அழுத்தினார். இத்தனை வாரமாக அசையாத முகம் அவனுக்கு. அங்கேயே, மேலாளர் முன்னாலேயே, தலையைக் குனிந்துகொண்டு அழுதான். இப்ராஹீம் டிஷ்யூப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.

கீழே இறங்கும்போது அவன் சமூக ஊழியரைக் கூப்பிட்டு, படுக்கை வேண்டாம் என்று சொன்னான். "அப்பா எதாவது சொன்னாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள் போலிருக்கிறது. "இல்ல, அவர் எங்க போனாலும் ஓகேன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் வீட்டுல வச்சுக்கணும்," என்றான். அவனுக்கு இன்னும் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. நேற்றுப் பார்த்த ஒரு பலகையை வைத்து அவன் அப்பாவின் மனசை அவனுக்கே விளக்குவதற்கு நான் யார்?

அன்றைக்கு முழுவதும் கிடங்கில் அவன் பின்னாலேயே நடந்தேன். எந்த அலமாரியில் எது, குளிர் அறையில் எத்தனை நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, உடைந்த பெட்டியை எந்தத் தாளில் எழுத வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தான். நல்ல பொறுமைசாலி. ஐந்து மணி அடித்ததும் மருத்துவமனைக்கு ஓடினான்.

நான் புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. அருண் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கீழே 'அக்கா, வீட்டுக்குப் போறோம்னு சொன்னேன், இத எழுதினார்' என்று மட்டும். வெள்ளைப் பலகை. அச்சடித்த மாதிரி எழுதுகிறவர், இந்த முறை எழுத்தெல்லாம் கோணல், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'பயந்து போயிருந்தேன்டா. என்னை அங்கே விட்டுடாதே.'